யாருடைய விண்ணப்பம்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் திருமாளிகைகளில் வயது முதிர்ந்த ஒருவர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டு, 'இனி எதுவும் சொல்வதற்கில்லை' என்று மருத்துவர்கள் கூறிவிட்டால், உறவினர் மனத்தில் எழும் முதல் எண்ணங்களுள் ஒன்று, 'ஆசார்யனை ஒருமுறை எழுந்தருளப் பண்ண வேண்டும்' என்பது. மடத்துக்குத் தொலைபேசி செல்கிறது, மின்னஞ்சல் செல்கிறது, தெரிந்த கைங்கர்யபரர் ஒருவர் மூலம் விண்ணப்பமும் செல்கிறது. இவ்வழைப்பின் பின்னுள்ள பக்தியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த விண்ணப்பம் யாருடையது? படுக்கையில் இருப்பவருடையதா, சுற்றி நிற்பவர்களுடையதா? இக்கேள்வியை நம் தர்சனத்தின் துணைகொண்டு சற்று ஆராய்வோம்.

முதலில் அச்சத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் பெரும்பாலான அழைப்புகள் அச்சத்திலிருந்தே பிறக்கின்றன. உயிர் பிரியும் நேரத்தில் எதை நினைக்கிறானோ அதையே ஒருவன் அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளிச்செய்கிறான். இதைக் கேட்டிருக்கும் மகனோ மகளோ, நினைவிழந்து கிடக்கும் தாயைப் பார்த்து நடுங்குவது இயல்பு. 'அம்மா இப்போது எதை நினைக்கிறாள் என்றே தெரியவில்லையே, ஆசார்யன் வந்து காதில் திருமந்த்ரத்தைச் சொன்னால் நினைவு திரும்பாதா' என்று ஏங்குகிறார்கள்.

இந்த அச்சத்துக்கு நம் பூர்வாசார்யர்கள் தெளிவான மறுமொழி தந்திருக்கிறார்கள். அந்திம ஸ்ம்ருதி என்னும் கடைசி நினைவு, தன் முயற்சியால் பக்தியோகத்தை அனுஷ்டிப்பவனுக்கு விதிக்கப்பட்டது. தன் பாரத்தை எம்பெருமான் திருவடிகளில் வைத்துவிட்ட ப்ரபன்னனுக்கு அந்நினைவும் எம்பெருமானுடைய பொறுப்பே. வராஹ சரமச்லோகத்தின் கருத்து இதுதான். மனம் நன்றாயிருந்து, உடல் தளராதிருந்த காலத்தில் என்னை நினைத்தவன், பின்னர் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது அவனை நான் நினைக்கிறேன் என்று பூமிப்பிராட்டியிடம் எம்பெருமான் வாக்களிக்கிறான். அதாவது, நினைக்கும் கடமை அப்போது கைமாறிவிடுகிறது.

பெரியாழ்வாரும் 'துப்புடையாரை' என்று தொடங்கும் திருமொழியில் அரங்கத்து அரவணைப் பள்ளியானை நோக்கி இதையே விண்ணப்பிக்கிறார். இளைத்துத் தளர்ந்து நலியும் அந்நேரத்தில் தம்மால் நினைக்கவொண்ணாது என்று அறிந்து, அந்நேரத்துக்கான சொல்லை இன்றே சொல்லி வைத்துவிடுகிறார். ஆழ்வாருக்கே அந்நேரத்தில் நினைவு உறுதியில்லையென்றால், ஆக்ஸிஜன் குழாயும் மயக்கமருந்துமாகக் கிடக்கும் நம் வீட்டு முதியவரிடம் அதை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? ஆகவே, பஞ்சஸம்ஸ்காரம் பெற்று ஆசார்ய ஸம்பந்தம் உள்ள ஒருவருக்கு, ஆசார்யன் மருத்துவமனைக்கு வந்தால்தான் பேறு கிட்டும் என்றோ, வராவிட்டால் ஏதோ குறைந்துவிடும் என்றோ எண்ணுவது, அவர் முன்பே பெற்ற ஸம்பந்தத்தை நாமே ஐயுறுவதாகும்.

அப்படியானால் அழைக்கவே வேண்டாமா என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. உபாயமாக ஒன்று வேண்டாம் என்பதால் அது பலமாகவும் வேண்டாம் என்றாகாது. ஆசார்யனைச் சேவிப்பது மோக்ஷத்துக்குக் கொடுக்கும் விலையன்று, அதுவே இனியது. இனியதை விரும்புவதற்குத் தடையில்லை. ஆனால் இனியது எது என்பதை அனுபவிப்பவரே சொல்ல வேண்டும். இங்கேதான் முதலில் கேட்ட கேள்வி மறுபடியும் எழுகிறது.

பின்பழகிய பெருமாள் ஜீயரைப் பற்றி நம் பெரியோர் சொல்லும் ஐதிஹ்யம் ஒன்று உண்டு. அவர் திருமேனி பாங்கின்றியிருந்தபோது, தாம் குணமடையப் பெரிய பெருமாளிடம் ப்ரார்த்திக்கும்படி சில ஸ்ரீவைஷ்ணவர்களிடம் வேண்டிக்கொண்டார். ப்ரபன்னர் ஆயுளை நீட்டிக் கேட்பதா என்று கோஷ்டியில் திகைப்பு உண்டாயிற்று. அவருடைய ஆசார்யரான நம்பிள்ளையிடம் சென்று கேட்டார்கள். நம்பிள்ளை உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பெரியோர்களின் கருத்தைக் கேட்கப் பணித்தார். கோயிலின் மேலுள்ள ஈடுபாட்டால் இருக்கலாம் என்றும், முடியாத காரியம் ஏதேனும் இருக்கலாம் என்றும், நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைவிட்டு யார்தான் போக விரும்புவார் என்றும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் ஜீயரையே கேட்டபோது, அவர் சொன்னது இவற்றுள் எதுவுமன்று. நம்பிள்ளை நீராடி எழுந்தருளும் அழகைச் சேவித்து, அவருக்கு ஆலவட்டம் பணிமாறும் கைங்கர்யத்தை விட்டுப் போக மனமில்லை என்றார்.

இதை ஆசார்ய பக்திக்கு எடுத்துக்காட்டாகவே நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அதனுள் மற்றொரு பாடமும் உண்டு. ஊகித்தவர்கள் சாமானியர்களல்லர், ஜீயரை அறிந்தவர்கள், ஞானத்தில் பெரியவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களும் உயர்ந்தவையே. ஆயினும் நோயுற்றவர் மனத்தில் இருந்தது அவரிடம் கேட்டபிறகே தெரிந்தது. நஞ்சீயர் திருமேனி பாங்கின்றியிருந்தபோது பெற்றி என்னும் ஸ்ரீவைஷ்ணவர் வந்து கண்டு, வேண்டுவது என்ன என்று கேட்டார் என்றும் பெரியோர் சொல்வர். திருமங்கையாழ்வாரின் 'தூவிரிய மலருழக்கி' பதிகத்தைக் கேட்க வேண்டும் என்பது அவர் தெரிவித்த விருப்பம். வந்தவர் தாமாக ஒன்றை முடிவு செய்துகொண்டு வரவில்லை, கேட்டார்.

நாம் வங்கியில் பணியாற்றிய காலத்தில் மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே பலமுறை நின்றிருக்கிறோம். கையெழுத்திட இயலாத நோயாளி பணம் எடுக்க வேண்டுமானால், அவருடைய பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெற வேண்டும். இருவரும் வங்கி அறிந்த, இதில் சார்பற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். கைவிரல் இயலாவிடில் கால்விரல் ரேகையும் ஏற்கப்படும். அதுவும் இயலாதவர் காசோலையில் ஓர் அடையாளம் இட்டாலும் போதும். ஆனால் தம் சார்பில் பணத்தைப் பெறுபவர் யார் என்பதை அவரே வங்கிக்குக் குறித்துக் காட்ட வேண்டும். 'அப்பா எனக்குத்தான் கொடுக்கச் சொல்வார்' என்று மகன் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அது கணக்கில் சேராது. மகன்மேல் நம்பிக்கையின்மை இதற்குக் காரணமன்று. கணக்கு தந்தையுடையது என்பதே காரணம். சில ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை கவனம் காட்டும் நாம், ஒருவருடைய கடைசி நாட்களில் அவர் ஆசார்யனுக்குச் செல்லும் விண்ணப்பத்தை அவரைக் கேளாமலே அனுப்பிவிடுகிறோம்.

இனி, நமக்கு அணுக்கமான ஒரு திருமாளிகையில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். எண்பத்து நான்கு வயது அம்மையார், ஸ்ரீரங்கத்திலேயே வாழ்ந்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஸமாச்ரயணம் பெற்றவர். வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். உணவும் நீரும் மூக்கு வழிக் குழாயில்தான் சென்றன. விழுங்கினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் நிலை.

அவருடைய மக்கள் மூவரும் ஜீயர் ஸ்வாமிக்குத் தனித்தனியே விண்ணப்பித்தார்கள். ஸ்வாமி வந்து கடாக்ஷித்தால் பிழைத்துவிடுவாள் என்பது மூத்த மகனின் நம்பிக்கை. அந்திம காலத்தில் அவர் திருவாக்கு காதில் விழவேண்டும் என்பது மகளின் விருப்பம். அமெரிக்காவில் இருந்த இளையவர் எழுதிய நீண்ட மின்னஞ்சலில், தம்மால் உடனே வர இயலவில்லை என்ற வேதனையே பக்கம் பக்கமாக இருந்தது. தமக்குப் பதிலாக ஸ்வாமியாவது தாயின் அருகில் நிற்கவேண்டும் என்று அவர் மனம் தவித்தது. மூன்றும் அன்பே. ஆனால் மூன்று விண்ணப்பங்களிலும் அம்மையாரின் சொல் ஒன்றுகூட இல்லை.

அப்போது சாதுர்மாஸ்யம். ஆஷாட பௌர்ணமியில் ஸங்கல்பித்துக்கொண்டு நான்கு பக்ஷங்கள் ஓரிடத்திலேயே எழுந்தருளியிருக்கும் ஸந்யாஸிகள், அந்த எல்லையைக் கடப்பதில்லை. மடம் ஸ்ரீரங்கத்தில், மருத்துவமனையோ காவிரிக்கு அக்கரையில். பாலத்தின் வழியே சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் வ்ரதத்தின் கணக்கு வேறு. ஸ்வாமி விண்ணப்பங்களைக் கேட்டுவிட்டு, 'அந்த அம்மாள் என்ன சொல்கிறாள்?' என்று மட்டும் வினவினாராம்.

அதன்பிறகே பேத்தி சென்று கேட்டாள். முந்தைய நாட்களில் மாலை நேரத்தில் போய்ப் பார்த்தவர்கள் அனைவரும், 'பாட்டிக்கு யாரையும் தெரியவில்லை' என்றே சொல்லி வந்தார்கள். அவள் செவிலியரிடம் விசாரித்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. முதியவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுபகல் தெரியாமல் ஒரு மனக்குழப்பம் உண்டாவது வழக்கம். அது மாலையிலும் இரவிலும் மிகும், காலையில் பெரும்பாலும் தெளியும். மற்றொன்று, அவருடைய காதுக்கருவியையும் மூக்குக்கண்ணாடியையும் பத்திரமாக ஒரு பையில் போட்டு வீட்டாரிடமே கொடுத்திருந்தார்கள். பேத்தி மறுநாள் காலையில் அவ்விரண்டையும் எடுத்துச் சென்று அணிவித்து, முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகக் கேட்டாள்: 'பாட்டி, ஸ்வாமி இங்கே எழுந்தருள வேண்டுமா?'

அம்மையார் சொன்னது குடும்பத்தில் ஒருவரும் எதிர்பாராதது. 'வேண்டாம். சாதுர்மாஸ்யம் நடக்கிறது. அதோடு, இந்தக் கோலத்தில் நான் ஸ்வாமி முன்னால் கிடக்கமாட்டேன். என் தண்டனைச் சொல்லிவிடு. நெற்றிக்கு இட்டுவிடு' என்றார். மருத்துவமனை அங்கி, மூத்திரக் குழாய், வாரப்படாத தலை, நெற்றியில் திருமண் இல்லாத முகம் என்று தம் நிலையை அவர் அறிந்திருந்தார். ஆசார்யன் முன் மடிசாருடன் அல்லாமல் ஒருநாளும் நின்றிராதவர். அவருக்கு அந்த வருகை ஆறுதலாக இராது, கூச்சமாகவே இருந்திருக்கும். மக்கள் மூவரும் கேட்டது கிடைத்திருந்தால் அவருக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

செய்தி மடத்துக்குப் போயிற்று. ஸ்வாமி தம் சிஷ்யர் ஒருவரிடம் தீர்த்தமும் பெருமாள் சாற்றிக் களைந்த திருத்துழாயும் கொடுத்து அனுப்பினார். 'உம்மை முன்பே ஏற்றுக்கொண்டாயிற்று. இனி நீர் செய்யவேண்டுவது ஒன்றுமில்லை' என்று அம்மையாரிடம் சொல்லும்படி நியமித்தார். சிஷ்யர் தீர்த்தத்தை வாயில் சேர்க்கவில்லை. விழுங்க இயலாதவருக்கு ஒரு மிடறு நீரும் நுரையீரலில் இறங்கித் துன்பத்தைக் கூட்டும் என்று செவிலியர் முன்பே எச்சரித்திருந்தார். ஆகவே சிரஸில் ப்ரோக்ஷித்தார். திருத்துழாயைக் கண்களில் ஒற்றித் தலையருகே வைத்தார். பேத்தி நெற்றிக்கு இட்டுவிட்டாள். பின்னர் காதுக்கருவியோடு இருந்த அரைமணி நேரம் 'துப்புடையாரை' பதிகத்தைச் சேவித்தார்கள். எட்டு நாட்கள் கழித்து அம்மையார் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

இதிலிருந்து, ஆசார்யன் வரவேண்டாம் என்று சொல்வதே உயர்ந்தது என்று யாரும் கொள்ளவேண்டாம். மற்றொருவர், 'ஒருமுறை சேவித்தால் போதும்' என்று கண்ணீர் விடக்கூடும். அவருக்காகத் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். நாம் சொல்வது, விண்ணப்பம் அவருடையதாக இருக்கட்டும் என்பதே. அப்படி இருந்தால் கடிதமும் சுருங்கிவிடும், தெளிவாகவும் இருக்கும். ஓர் உதாரணம்:

'ஸ்வாமி திருவடிகளில் தண்டன் ஸமர்ப்பித்த விண்ணப்பம். அடியேனுடைய தகப்பனார், இன்ன திருநாமம் உடையவர், இன்ன ஆண்டில் தேவரீரிடம் ஸமாச்ரயணம் பெற்றவர். இருதயம் தளர்ந்து இன்ன ஊர் மருத்துவமனையில் இருக்கிறார். காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை தெளிவாகப் பேசுகிறார். தேவரீரைச் சேவிக்க வேண்டும் என்று நேற்று அவரே சொன்னார். மருத்துவர் இருவருக்குப் பத்து நிமிடம் அனுமதி தந்திருக்கிறார். தேவரீர் திருவுள்ளத்துக்கும் அனுஷ்டானத்துக்கும் இசைந்தால் எழுந்தருளலாம். இயலாதாயின் நியமனம் எதுவாயினும் அதுவே எங்களுக்குப் பேறு.'

இக்கடிதத்தின் கடைசி வாக்கியம் வெறும் உபசாரமன்று. இன்று எழுந்தருளியிருக்கும் ஆசார்யர்களில் பலர் நோயாளியைப் போலவே வயது முதிர்ந்தவர்கள். மடியாசாரமும், வெளியில் தீர்த்தமும் அமுது செய்யாத நியமமும் உடையவர்கள். த்ரிதண்டத்தை விட்டுப் பிரியாதவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலிலோ கைகளில் மருந்து தேய்த்துக்கொள்ளச் சொல்வார்கள்; மேலங்கி அணியச் சொல்வார்கள்; உடன் வந்தவர்களை நிறுத்திவிடுவார்கள். இவற்றை முன்னதாகவே செவிலியர் தலைவியிடம் பேசி முடிக்காமல், ஆசார்யனை அவ்வாயிலில் நிற்கவைப்பது அபசாரமாகிவிடும். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் கற்பூரமோ விளக்கோ ஏற்றுவதும் கூடாது; அது உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நீங்கள் வராவிட்டால் அவர் உயிர் அமைதியாகப் பிரியாது' என்று எழுதுவது ஆசார்யனை நெருக்குவதாகும். மறுக்க இடமில்லாத வேண்டுகோள் விண்ணப்பமாகாது, அது கட்டளையாகிவிடும்.

சிலர் வேறொரு தடையைச் சொல்வர். தந்தைக்குத் தம் நோயின் கடுமை தெரியாது. ஆசார்யன் வந்தால் தெரிந்துவிடும். ஆதலால் அவரைக் கேட்கவும் முடியவில்லை என்பர். கேளாமல் அழைத்தால் மட்டும் தெரியாமலா போகும்? ஆசார்யன் படுக்கையருகே நிற்பதைக் கண்டவுடன் அவர் தாமாகவே புரிந்துகொள்வார். அப்போது அருகில் இருந்து பேச வேண்டியவர்கள் வாய்மூடி நிற்பார்கள். நோயின் நிலையை மென்மையாக அவரிடம் சொல்வது மருத்துவரும் மக்களும் செய்யவேண்டிய காரியம். அதை ஆசார்யனுடைய வருகையின்மேல் ஏற்றிவிடுவது முறையன்று.

நோயாளி நினைவே இழந்துவிட்டாராயின், அவர் நன்றாயிருந்த காலத்தில் சொன்னது ஏதேனும் உண்டா என்று நினைத்துப் பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால், விண்ணப்பம் நம்முடையதே என்று ஒப்புக்கொண்டு எழுதுவது நேர்மை. 'அவருக்கு' என்று எழுதாமல் 'எங்களுக்கு ஆறுதல் வேண்டும்' என்று எழுதலாம். அவ்வாறு எழுதத் தொடங்கினால், ஆறுதலுக்காக ஆசார்யனை இங்கே வரவழைப்பதைவிட நாமே மடத்துக்குச் சென்று சேவித்து வரலாமே என்பதும் நமக்குத் தோன்றிவிடும். இன்னும் ஸமாச்ரயணமே பெறாதவராயின் நிலை வேறு. அதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை காத்திராமல், அவர் தாமே விரும்பிக் கேட்கக்கூடிய நாளிலேயே ஆவன செய்வதுதான் வழி.

பெரியாழ்வார் 'ஆசைவாய்' என்று தொடங்கும் திருமொழியில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். உயிர் போகும் தறுவாயில் உள்ளவனைச் சுற்றி உறவினர் அமர்ந்துகொண்டு, எங்கேனும் பொருளை வைத்திருந்தால் சொல் என்று வற்புறுத்துகிறார்கள். அவனோ வாய்திறக்க மாட்டாமல் கிடக்கிறான். நாம் பொருளைக் கேட்பதில்லை, ஆசார்யனையே அழைக்கிறோம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் படுத்திருப்பவருடைய மனத்தை அறியாமல், சுற்றியிருப்பவர்களின் தேவையே அந்த அறையில் ஒலிக்கும்வரை, அக்காட்சியிலிருந்து நாம் வெகுதூரம் விலகிவிடவில்லை. காதுக்கருவியைப் பொருத்தி, காலை வேளையில், முகத்துக்கு நேரே நின்று, 'உமக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பின் மடத்துக்கு எழுதுவோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.